மதிப்பெண்ணைக் கனவு காணாதீர்கள், மூன்று மணி நேரத்தை ஒத்திகை பாருங்கள்

பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதப் போகும் மாணவ மாணவியருக்கு,

இந்த மாதங்களில் உங்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சம் இருக்காது. பள்ளிக்கு ஊக்க உரை ஆற்ற வருகிறவர் உங்கள் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். தேர்வு முடிவு வந்துவிட்டது, நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டீர்கள், அம்மா கண்கலங்கி நிற்கிறார், நாளிதழில் உங்கள் படம் வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதை மனக்கண்ணில் பார்க்கச் சொல்வார். நீங்களும் பார்ப்பீர்கள். அந்த ஐந்து நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். தேர்வறைகளில் கண்காணிப்பாளராக நின்று உங்கள் வயதுப் பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. அந்தப் படத்தில் அம்மா இருக்கிறார், பூங்கொத்து இருக்கிறது. வினாத்தாள் மட்டும் இல்லை.

கண்ணை மூடிப் பார்ப்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எதைப் பார்ப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு. 1999-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இடைத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர், நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதைத் தினமும் சில நிமிடம் கற்பனை செய்தார்கள். இன்னொரு பிரிவினர், அந்த மதிப்பெண்ணுக்காகத் தாங்கள் உட்கார்ந்து படிக்கும் காட்சியை, எங்கே எப்படி என்பதோடு கற்பனை செய்தார்கள். வழியைப் பார்த்தவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். வெற்றியை மட்டும் பார்த்தவர்கள் படித்த நேரமும் குறைவு, மதிப்பெண்ணும் குறைவு. மனம் பரிசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டால் உடம்புக்கு எழுந்திருக்கத் தோன்றாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவர்கள் ஒத்திகை பார்த்தது படிப்பதைத்தான், தேர்வறையை அல்ல. தேர்வறைக்கு வழிகாட்ட விளையாட்டுத் துறையிடம் போக வேண்டும். ஓட்டக்காரர்களும் ஜிம்னாஸ்டிக் வீரர்களும் போட்டியை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். அதை எப்படிச் செய்தால் பலன் தரும் என்று 2001-இல் ஹோம்ஸ், காலின்ஸ் என்ற இருவர் தொகுத்தார்கள். அவர்கள் சொன்னதில் உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: உண்மையில் இருக்கப்போகும் உடல் நிலையில் இருங்கள், உண்மையான இடத்தை நினையுங்கள், உண்மையான வேகத்தில் ஓட்டுங்கள், உங்கள் கண் வழியாகவே பாருங்கள்.

ஆகவே படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், தூங்கிவிடுவீர்கள். நாற்காலியில் உட்காருங்கள். முன்னால் மேசை இருக்கட்டும், கையில் தேர்வுக்கு எடுத்துப்போகும் அதே பேனா இருக்கட்டும். சினிமாவில் பார்ப்பதுபோல் உங்களை நீங்களே வெளியிலிருந்து பார்க்க வேண்டாம். உங்கள் கை, மேசை, முன்னால் இருப்பவரின் முதுகு, இவைதான் தெரிய வேண்டும். பத்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். நாளுக்கு ஒரே ஒரு அமர்வு, அதுவும் தினம் ஒரே நேரத்தில். படிப்பு விடுமுறை என்றால் காலை பத்து மணி நல்ல நேரம், தேர்வு தொடங்குவதும் அப்போதுதான். பள்ளி இருந்தால் மாலையில் படிக்க உட்காரும் முன் செய்யுங்கள். "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கலாம்" என்று விட்டால் அது இரவு பதினொரு மணிக்குப் பயமாக மாறித்தான் வரும். நேரம் குறித்துவிட்டால், மற்ற வேளையில் தேர்வு நினைப்பு வந்து மிரட்டும்போது, "உனக்குப் பத்து மணி கொடுத்திருக்கிறேன், அப்போது வா" என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

மூன்று மணி நேரத்தை ஒரே அமர்வில் அடைக்கப் பார்க்காதீர்கள். துண்டு துண்டாகப் போகலாம். இயற்பியல் தேர்வையே எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பழக்கமான பாடம்.

முதல் அமர்வு பள்ளி வாசலிலிருந்து இருக்கை வரை. வாசலில் கூட்டம், கடைசி நிமிடப் புத்தகங்கள். யாரோ ஒருவர் ஓடி வந்து, "ஏய், அந்த டெரிவேஷன் பாத்தியா? கண்டிப்பா வரும்னு சார் சொன்னாராம்" என்கிறார். நீங்கள் பார்க்கவில்லை. வயிற்றுக்குள் என்னமோ செய்கிறது. இங்கே நிறுத்தாமல் மேலே போங்கள். "சரி டா, உள்ள பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறீர்கள், அறை எண் ஒட்டியிருக்கும் பலகையில் உங்கள் பதிவெண்ணைத் தேடுகிறீர்கள், படியேறுகிறீர்கள், பையை வெளியே வைக்கிறீர்கள், ஹால் டிக்கெட்டும் பேனாக்களும் பென்சிலும் ஸ்கேலுமாக உட்காருகிறீர்கள்.

இந்த முதல் அமர்விலேயே பலருக்குப் படம் நடுவில் நின்றுபோகும். மையம் வேறு பள்ளி, அதன் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாது. அறையில் கடிகாரம் இருக்குமா, கைக்கடிகாரம் கட்டிப் போகலாமா, அதுவும் தெரியாது. படம் நின்றால் கோபப்படாதீர்கள், ஒத்திகையின் பாதிப் பயனே அங்கேதான் இருக்கிறது. நின்ற இடத்தை ஒரு வரியில் எழுதி வைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு மாலை அந்த மையத்தின் வாசல் வரை போய்ப் பார்த்து வாருங்கள். தேர்வன்று காலை ஒன்பதே முக்காலுக்குக் கேட்க வேண்டிய கேள்வியை இரண்டு வாரம் முன்பே கேட்டு முடித்துவிடலாம்.

இரண்டாவது அமர்வு, பத்து மணியிலிருந்து பத்தேகால் வரை. நீங்கள் மிகவும் அலட்சியமாக விடுவது இந்தக் கால்மணி நேரத்தைத்தான். முதல் பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்புச் சீட்டில் இருக்கும் உங்கள் படம், பெயர், பதிவெண், பாடம் எல்லாம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்திட. எழுதத் தொடங்குவது 10:15-க்கு. வாசிக்கும் நேரத்தில் பாதிப் பேர் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு மனத்துக்குள் விடை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது எப்படியும் எழுதப் போகிற பகுதிதானே! அந்தப் பத்து நிமிடம் தேர்ந்தெடுப்பதற்கு. இயற்பியலில் 16 முதல் 24 வரை இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஒன்பது, எழுத வேண்டியது ஆறு, அதில் 24 கட்டாயம். 25 முதல் 33 வரை மூன்று மதிப்பெண், அதிலும் ஒன்பதுக்கு ஆறு, 33 கட்டாயம். 34 முதல் 38 வரை ஐந்து மதிப்பெண், ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்ற தேர்வு. ஒத்திகையில் உங்கள் கண் முதலில் 24-க்கும் 33-க்கும் போகட்டும். பிறகு 34-லிருந்து 38 வரை ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் என்று முடிவெடுங்கள். இதற்குப் பழைய வினாத்தாள் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளலாம், ஏமாற்று வேலையாகாது.

மூன்றாவது அமர்வில் கடிகாரம். எழுபது மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். நான் சொல்லும் பங்கீடு இது: பதினைந்து ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 10:35 வரை, இரண்டு மதிப்பெண்ணுக்கு 11:00 வரை, மூன்று மதிப்பெண்ணுக்கு 11:45 வரை, ஐந்து மதிப்பெண்ணுக்கு 1:00 வரை, மீதிக் கால்மணி திரும்பிப் பார்க்க. பெரிய கேள்வியை முதலில் எழுதுகிறவர்கள் அப்படியே எழுதுங்கள், நேரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பங்கீட்டில் என் கணக்கைவிடத் திருப்புதல் தேர்வில் நீங்கள் உண்மையில் எடுத்துக்கொண்ட நேரம்தான் பெரியது. அமர்வில் ஒவ்வொரு பகுதியின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் மட்டும் பாருங்கள்: பகுதித் தலைப்பை எழுதுகிறீர்கள், கேள்வி எண் போடுகிறீர்கள். ஒரு மதிப்பெண்ணுக்குக் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதுகிறீர்கள். முடித்ததும் தலை நிமிர்ந்து மணி பார்க்கிறீர்கள். 11:00-க்குப் பதில் 11:08 ஆகிவிட்டது. அப்படியும் ஒருமுறை பாருங்கள். எட்டு நிமிடத்தை எங்கே ஈடுகட்டுவது என்று அப்போதே முடிவெடுங்கள். கூடுதல் நேரச் சலுகை உள்ளவர்கள் தங்கள் நேரத்துக்கேற்பக் கணக்குப் போடுங்கள். சொல்வதை எழுதுபவரோடு எழுதப் போகிறவர்கள், பேனாவுக்குப் பதில் தங்கள் குரலை ஒத்திகை பாருங்கள், ஒரு சமன்பாட்டை வாயால் சொல்வதே தனிப் பயிற்சி.

இப்போது நான்காவது அமர்வு. இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒன்றை மட்டுமே செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

10:50. கேள்வி 24, கட்டாயக் கணக்கு. 100 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் காண்க. மாதிரிக்குச் சொல்கிறேன், இது வரும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சூத்திரத்தில் 12 புள்ளி ஏதோ ஒன்று உண்டு. நேற்று இரவுகூடப் பார்த்தீர்கள். இப்போது வரவில்லை. பக்கத்தில் தாள் புரளும் சத்தம். உள்ளங்கை ஈரம். "போச்சு" என்று ஒரு குரல்.

வழக்கமாக உங்கள் கற்பனை இங்கே நின்றுவிடும், அல்லது இதே இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும். கவலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நின்றுபோன ஒத்திகையைத்தான். ஆகவே ஒரு விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: "பேனா இரண்டு நிமிடம் நகராவிட்டால், தெரிந்ததை எழுதுவேன், இடம் விடுவேன், அடுத்ததற்குப் போவேன்." பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்ற வடிவத்தில் போடும் திட்டங்களைப் பற்றி 1999-இல் விரிவாக எழுதியிருக்கிறார். "பதற்றப்பட மாட்டேன்" என்ற உறுதிமொழியை விட இது வேலை செய்வதற்குக் காரணம், பதற்றமான நேரத்தில் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதுதான். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

அந்த விதியை இப்போது கையால் செய்து பாருங்கள். மூச்சை நிதானமாக ஒருமுறை விடுகிறீர்கள். பேனா தாளில் இறங்குகிறது. V = 100 வோல்ட் என்று எழுதுகிறீர்கள். அலைநீளம் என்றால் h-ஐ உந்தத்தால் வகுப்பது, அது மறக்காது, அதையும் எழுதுகிறீர்கள். அதன் கீழே அரைப் பக்கம் விட்டுவிட்டு, வினாத்தாளில் எந்தக் குறியும் போடாமல், 24 பாக்கி என்று மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வி எண்ணை எழுதுகிறீர்கள். படத்தை 1:00 மணிக்கு நகர்த்துங்கள். அரைப் பக்கத்துக்குத் திரும்புகிறீர்கள். எலக்ட்ரானின் ஆற்றல் eV, அதிலிருந்து உந்தம் √(2meV). ஆகவே λ = h/√(2meV). மாறிலிகளைப் போட்டால் 12.27/√V ஆங்ஸ்ட்ராம் தானாகவே வருகிறது. √100 பத்து. விடை 1.227 ஆங்ஸ்ட்ராம். ஒத்திகையில் சில நாள் இந்த விடை வராமலே போகட்டும். அப்போதும் தரவும் சூத்திரமும் தாளில் இருக்கின்றன, படிநிலைக்கு மதிப்பெண் கிடைக்க வழி இருக்கிறது, நீங்கள் அடுத்த கேள்வியில் இருக்கிறீர்கள். அதுவரை படத்தை ஓட்டாமல் கண் திறக்காதீர்கள்.

ஐந்தாவது அமர்வு கடைசிக் கால்மணி. 1:00 முதல் கேள்வி எண்கள் சரிதானா, கட்டாயக் கேள்விகள் இரண்டும் எழுதியாயிற்றா, அலகுகள் போட்டாயிற்றா என்று பார்ப்பது. எழுதாத பக்கங்களில் கோடு இழுப்பது. மணி அடிக்கும்போது பாதி வாக்கியத்தில் இருக்கிறீர்கள் என்றும் ஒருநாள் பாருங்கள். பேனாவை வைக்கிறீர்கள். கண்காணிப்பாளர் வருகிறார், தாளைக் கொடுக்கிறீர்கள், எழுந்து வெளியே போகிறீர்கள். விடை சரிபார்க்கும் கூட்டத்தைத் தாண்டிப் போய்விடுவதோடு அமர்வு முடிகிறது. மதிப்பெண் வரை போக வேண்டாம்.

இந்த ஐந்தும் ஐந்து நாள். பிறகு உங்களுக்கு எந்தத் துண்டில் தடுமாற்றமோ அதையே திரும்பப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு முதல் துண்டும் கடைசித் துண்டும் போதும், சிக்கல்களை அன்று கிளற வேண்டாம்.

இது சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? கண் திறக்கும்போது ரொம்பப் பெருமையாக, மிதப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் நீங்கள் மறுபடி நாளிதழ்ப் படத்துக்குப் போயிருப்பீர்கள். முகப்புச் சீட்டைச் சரிபார்ப்பது மனத்தில் மூன்று நொடியில் முடிந்தால் படம் வேகமாக ஓடுகிறது, பதிவெண்ணை எண் எண்ணாகப் படித்துப் பாருங்கள். சிலருக்கு மனத்தில் காட்சியே தோன்றாது. அது இயல்பான வேறுபாடுதான், குறையில்லை. அவர்கள் "இப்போது உட்காருகிறேன், இப்போது 24-ஐப் பார்க்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் போதும்.

இதற்கு எல்லையும் உண்டு. படிக்காத பாடத்தை இது எழுத வைக்காது. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான், அலாரம் அடித்ததும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இன்னொன்று, இதைவிட முக்கியமானது. படபடப்பு ஏறிக்கொண்டே போனால் கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, அறையில் இருக்கும் பொருட்களைப் பெயர் சொல்லிப் பாருங்கள். பிறகு உங்களுக்குச் சிரமமில்லாத துண்டோடு அன்றைய அமர்வை முடித்துவிடுங்கள். தொடர்ந்து சில நாள் இப்படியே ஆனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், ஒத்திகையை நிறுத்திவிட்டு நம்பும் ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்லுங்கள். 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ உதவி மையம் இருக்கிறது, மனநல ஆலோசனையும் கிடைக்கும். அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெற்றோரும் இதைப் படிக்கலாம். பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், "படிக்காம தூங்குறியா" என்று கேட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் கதவைச் சாத்திக் கொடுங்கள்.

மாணவர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். இன்று உங்கள் கால அட்டவணையில் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள், அதில் நேரத்தை எழுதுங்கள். உங்கள் "பேனா நகராவிட்டால்" விதியை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். நாளை அந்த நேரத்தில் பள்ளி வாசலிலிருந்து இருக்கை வரை மட்டும் போய்வாருங்கள். எங்கே படம் நின்றதோ அதைக் குறித்துக்கொண்டு வந்து உங்கள் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்றவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியர்